விடிய விடிய ஓடிய டிவியை நிறுத்திய கதை: பாலக்கோட்டு வீட்டில் ஒரு மாத வேலை

மாசி மாதம் ஒரு காலை அப்பா போன் பண்ணினார். "சத்தம் வருது கண்ணு, படந்தான் வரல."

எனக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை ஊருக்குப் போனதும் வீட்டை இருட்டாக்கிவிட்டு, டிவியைப் போட்டு, கண்ணாடிக்கு மிக அருகில் டார்ச் அடித்துப் பார்த்தேன். திரையில் ஆள் நடமாட்டம் மங்கலாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தால் படம் வருகிறது, பின்னாலிருந்து வெளிச்சம்தான் வரவில்லை என்று அர்த்தம். பேக்லைட் போயிருக்கிறது. பாலக்கோட்டில் மெக்கானிக் கடைக்கு எடுத்துப் போனோம். 32 இன்ச் டிவி, உள்ளே வரிசையாக எல்இடி பட்டைகள். ஒரு பட்டையில் ஒரே ஒரு எல்இடி கருகியிருந்தது. எல்லாம் ஒரே தொடராக இணைத்திருப்பதால் ஒன்று போனாலும் மொத்தமும் அணைந்துவிடும். அவர் எல்லாப் பட்டைகளையும் மாற்றினார். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் இன்னொன்றுக்காக வருவீர்கள் என்றார்.

மாட்டி முடித்தபின் அம்மாவிடம் கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் ஓடுதும்மா?"

அம்மா உள்ளதைச் சொன்னார். சாயந்திரம் ஆறு மணிக்குப் போட்டால், அப்பா தக்காளி மண்டிக்குக் கிளம்ப நாலரை மணிக்கு எழுந்திருக்கும்போதுதான் நிற்கும். பத்து மணிக்கெல்லாம் அப்பா தூங்கிவிடுவார். டிவி தனியாக ஓடிக்கொண்டிருக்கும். நடுராத்திரியில் அம்மாவுக்கு விழிப்பு வந்தால் நிறுத்துவார், வராவிட்டால் இல்லை.

மெக்கானிக் பேக்லைட் அளவை 100-லிருந்து 60-க்குக் குறைத்தார். "ராத்திரி ஓடுறத நிறுத்துங்க, இந்தப் பட்டை ரொம்ப நாள் வரும்" என்றார். அன்றிலிருந்து தொடங்கிய வேலை இது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு மாதம், நாலு சனி ஞாயிறு ஆனது. டிவி தானாக அணைய வழி ஒன்றில்லை, மூன்று உண்டு. மூன்றும் மூன்று வெவ்வேறு விஷயங்களை எண்ணுகின்றன. எது எதை எண்ணுகிறது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் ஆனது.

வீட்டில் இருப்பது சாதாரண எல்இடி டிவி, ஸ்மார்ட் டிவி இல்லை. அதோடு ஒரு கேபிள் செட்டாப் பாக்ஸ். பாக்ஸிலிருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை கொண்ட ஏவி வயர் போயிருந்தது. அப்பா கையில் எப்போதும் இருப்பது பாக்ஸ் ரிமோட்தான். டிவி ரிமோட் பிளாஸ்டிக் உறையோடு ஷெல்பில் இருக்கும். இந்தக் கடைசி விவரம்தான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது. அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

முதலில் ஸ்லீப் டைமர். டிவி ரிமோட்டிலேயே SLEEP என்று பட்டன் இருக்கிறது. ஒருமுறை அழுத்தினால் இப்போதைய நிலையைக் காட்டும்: Off. அந்த எழுத்து திரையில் இருக்கும்போதே மறுபடி அழுத்த அழுத்த 10, 20, 30, 60, 90, 120 நிமிடம் என்று மாறும். வேண்டிய எண்ணில் கையை எடுத்துவிட்டால் போதும், தனியாக ஓகே கொடுக்க வேண்டியதில்லை. Off-லிருந்து 60-க்கு வர மொத்தம் ஐந்து அழுத்து. அம்மாவிடம் "அஞ்சு தடவ" என்று சொல்லிக்கொடுத்தேன்.

ஸ்லீப் டைமர் எண்ணுவது நேரத்தை மட்டும். படம் வருகிறதா, யாராவது ரிமோட்டைத் தொட்டார்களா என்றெல்லாம் பார்க்காது. 60 வைத்தால் 60-ஆவது நிமிடம் அணையும். கடைசி நிமிடத்தில் திரையில் ஒரு எச்சரிக்கை வரும். அதனால்தான் இதை நம்பலாம் என்று நினைத்தேன். அன்று இரவு அம்மா ஐந்து தடவை அழுத்தினார். பத்தரைக்கு அணைந்திருக்க வேண்டும். பன்னிரண்டரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் கேட்டபோது விஷயம் தெரிந்தது. டைமர் விழுந்துவிட்டதா என்று பார்க்க அம்மா பத்து மணிக்கு மறுபடி பட்டனை அழுத்தியிருக்கிறார். முதல் அழுத்துக்கு மிச்ச நேரம் வந்திருக்கிறது. அதைச் சரியாகப் படிக்க முடியாமல் இன்னும் இரண்டு மூன்று முறை அழுத்தியிருக்கிறார். ஒவ்வொரு அழுத்தும் எண்ணை அடுத்ததற்குத் தள்ளிவிட்டது. சரிபார்க்க வேண்டுமானால் ஒரே ஒருமுறை அழுத்தி, எழுத்து தானாக மறையும்வரை காத்திருக்க வேண்டும். இதை நான் முதலில் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த நாள் சரியாக வேலை செய்தது. அதற்கடுத்த நாள் அம்மா மறந்துவிட்டார். ஸ்லீப் டைமர் அன்றைய ஒரு இரவுக்கு மட்டும்தான். டிவி அணைந்ததும் அது பழையபடி Off ஆகிவிடும். நடுவில் கரண்ட் போய் வந்தாலும் அழிந்துவிடும். தினமும் யாராவது நினைவாக வைக்க வேண்டும். அப்பாவுக்கு அந்தப் பட்டன் இருக்கும் ரிமோட்டே கையில் இல்லை. அம்மா அதற்கு முன்பே தூங்கிவிடுவதும் உண்டு.

இன்னொன்றையும் அந்த வாரம் கவனித்தேன். 30 நிமிடம் வைத்தால் அப்பா விழித்துக்கொள்கிறார். அவருக்குக் காதருகே சத்தம் ஓடிக்கொண்டிருந்தால்தான் தூக்கம் வரும். இன்னும் ஆழ்ந்து தூங்காத நேரத்தில் சட்டென்று அமைதியானால் எழுந்துவிடுகிறார். ஒருநாள் எழுந்து, கும்மிருட்டைப் பார்த்து, "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே மீட்டர் பெட்டிப் பக்கம் போய்விட்டார். டிவியின் கீழே சிவப்புப் புள்ளி எரிந்தால் கரண்ட் இருக்கிறது, டிவிதான் அணைந்திருக்கிறது என்று அப்புறம் காட்டினேன். 60 நிமிடத்தில் அந்தப் பிரச்சினை வரவில்லை. சத்தம் கேட்டுத் தூங்குகிற பெரியவர்கள் வீட்டில் டைமரை வைக்கும்போது, அவர்கள் கண்ணயர்ந்து குறைந்தது அரைமணி நேரம் கழித்து அணைகிற மாதிரி வைக்க வேண்டும்.

மறதிக்கு இடம் தராத வழி ஒன்று வேண்டும். டிவி மெனுவுக்குள் போனேன். Auto Standby என்று ஒன்று இருந்தது, 3H, 4H, 5H என்று தேர்வுகள். 4H வைத்தேன். பத்து மணிக்குத் தூங்கினால் இரண்டு மணிக்காவது அணையுமே என்று கணக்கு. மற்ற கம்பெனி டிவிகளில் இது Auto Power Off என்ற பெயரில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எல்லோரும் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது டிவி அணைந்துவிட்டது. மறுபடி பேக்லைட் போய்விட்டது என்று அம்மா பயந்துபோனார். ஆனால் சிவப்புப் புள்ளி எரிந்தது. பவர் பட்டனைத் தட்டியதும் படம் வந்தது. மதியம் இரண்டரைக்குப் போட்ட டிவி, ஆறரைக்கு நின்றிருக்கிறது. சரியாக நாலு மணி நேரம்.

ஏன் என்று யோசித்தால் காரணம் எளிது. இந்த வசதி எண்ணுவது ரிமோட்டின் மௌனத்தை. கடைசியாக ஒரு பட்டன் அழுத்தியதிலிருந்து நாலு மணி நேரம் எந்தப் பட்டனும் அழுத்தாவிட்டால், பார்க்க ஆளில்லை என்று டிவி முடிவு செய்கிறது. ஆனால் டிவிக்குத் தெரிவது தன்னுடைய ரிமோட் மட்டும்தான். அப்பா அந்த நாலு மணி நேரத்தில் ஐம்பது தடவை சேனல் மாற்றியிருப்பார், சத்தம் கூட்டிக் குறைத்திருப்பார். எல்லாம் பாக்ஸ் ரிமோட்டில். அந்த சிக்னல் பாக்ஸுக்குப் போகிறது. டிவியைப் பொறுத்தவரை வீட்டில் யாருமே இல்லை. கேபிள் பாக்ஸோ டிஷ் பாக்ஸோ வைத்திருக்கிற வீடுகளில் "டிவி நடுவுல தானா ஆஃப் ஆவுது, போர்டு கெட்டுடுச்சு" என்று மெக்கானிக்கிடம் தூக்கிப்போவதற்கு முன் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒவ்வொரு முறையும் ஒரே கால அளவில், முழு மணிக்கணக்கில் அணைந்தால் அது பழுதே இல்லை.

மூன்றாவது வழி மெனுவில் No Signal Standby என்ற பெயரில் இருந்தது. படம் வருவது நின்று சில நிமிடங்களில் டிவி தானாக அணைந்துவிடும். ஏற்கனவே On என்றுதான் இருந்தது. அப்புறம் ஏன் இத்தனை நாள் ஒருமுறைகூட இது அணைக்கவில்லை? பாக்ஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது, படம் நிற்கவே இல்லை. கேபிள் லைன் அறுந்தால்கூட "சிக்னல் இல்லை" என்று பாக்ஸ் ஒரு பக்கத்தைக் காட்டுகிறது. அந்தப் பக்கமும் டிவிக்கு ஒரு படம்தான்.

சரி, பாக்ஸை அணைத்துப் பார்ப்போம் என்று பாக்ஸ் ரிமோட்டில் பவரை அழுத்தினேன். பாக்ஸில் பச்சை போய் சிவப்பு வந்தது. திரை கறுப்பானது. போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம், இருபது, நாற்பது. டிவி அணையவில்லை. கறுப்புத் திரையோடு, பேக்லைட் எரிந்துகொண்டே இருந்தது. லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தால் அந்தச் சாம்பல் நிற மங்கல் தெரியும்.

இதுதான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. கடைசியில் புரிந்தது என்னவென்றால், இந்த பாக்ஸ் தூங்கும்போது ஏவி வயரில் படத்தை முழுவதுமாக நிறுத்துவதில்லை, வெறும் கறுப்பை அனுப்புகிறது. டிவிக்குக் கறுப்பும் ஒரு படம். இதைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் உட்கார வேண்டியதே இல்லை. பாக்ஸை அணைத்ததும் திரையில் No Signal என்ற எழுத்து வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அந்த எழுத்து வந்தால் டிவி எண்ணத் தொடங்கிவிட்டது. எழுத்தே இல்லாமல் வெறும் கறுப்பு என்றால் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் அணையாது.

பாக்ஸின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை ஒன்று சும்மா இருந்தது. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஒன்றரை மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி வந்து, ஏவி வயரைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். டிவி சோர்ஸை HDMI 1-க்கு மாற்றினேன். படம் முன்பைவிடத் தெளிவாகவே வந்தது. பாக்ஸை அணைத்தேன். இரண்டு நொடியில் No Signal என்ற எழுத்து திரையில் அங்குமிங்கும் நகர ஆரம்பித்தது. பத்தாவது நிமிடம் டிவி அணைந்தது. இதுவும் எல்லா பாக்ஸுக்கும் பொருந்தாது. சில பாக்ஸ் தூங்கும்போதும் எச்டிஎம்ஐ-யை உயிரோடு வைத்திருக்கும். எழுத்தை வைத்து ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

இனி பாக்ஸைத் தூங்கவைக்க யாராவது வேண்டும். பாக்ஸின் மெனுவை முழுவதும் மேய்ந்தேன். சிஸ்டம் அமைப்புகளுக்குள் கடைசியில் Auto Standby என்று ஒன்று, Off நிலையில் கிடந்தது. 1, 2, 3, 4 மணி நேரம் என்று தேர்வுகள். அப்போதுதான் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. டிவி ஆட்டோ ஆஃப் எண்ணுவது டிவி ரிமோட்டை, அது ஷெல்பில் கிடக்கிறது. பாக்ஸ் எண்ணுவது பாக்ஸ் ரிமோட்டை, அது அப்பா கையிலேயே இருக்கிறது. அப்பா விழித்திருக்கும்வரை சேனல் மாற்றிக்கொண்டே இருப்பார், விளம்பரம் வந்தால் தாண்டாமல் இருக்க மாட்டார். அவர் கை ஓய்ந்தால் தூங்கிவிட்டார் என்றே கொள்ளலாம்.

டிவியின் Auto Standby-யை Off செய்தேன். பாக்ஸின் Auto Standby-யை 2 மணி நேரத்தில் வைத்தேன். ஒரு மணி நேரம் வைத்திருக்கலாம், ஆனால் அம்மா ஒரே சேனலில் அடுத்தடுத்து சீரியல் பார்ப்பார், ரிமோட்டையே தொடமாட்டார். அணைவதற்கு முன் பாக்ஸ் ஒரு அறிவிப்பு காட்டுகிறது, அப்போது ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து எண்ணும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பட்டன் என்றால் அம்மாவுக்குத் தொந்தரவு இல்லை. அன்று இரவு அப்பா கடைசியாகச் சேனல் மாற்றியது ஒன்பதே முக்கால். நான் விழித்திருந்து பார்த்தேன். பதினொன்றே முக்காலுக்கு பாக்ஸ் சிவப்பானது, திரையில் எழுத்து நகர்ந்தது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டிவி அணைந்தது. யாரும் எதையும் அழுத்தவில்லை.

இது காவல் வலை. ஆனால் பத்து மணிக்குத் தூங்குகிறவருக்குப் பன்னிரண்டு மணி வரை ஓடுவது தேவையில்லாததுதான். ஸ்லீப் டைமரின் ஒரு மணி நேரம் இதைவிட நல்லது. அதன் பட்டன் அப்பா கையில் இல்லாத ரிமோட்டில் இருப்பதுதான் சிக்கல்.

பாக்ஸ் ரிமோட்டின் மேல்பக்கம் தனியாக ஒரு கட்டத்துக்குள் நாலு பட்டன் இருக்கும்: டிவி பவர், சோர்ஸ், சத்தம் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று. கேபிள் பாக்ஸ், டிஷ் பாக்ஸ் ரிமோட் பலவற்றில் இது உண்டு. இவை கற்றுக்கொள்ளும் பட்டன்கள். டிவி ரிமோட் அனுப்பும் சமிக்ஞையைப் பார்த்து அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். சோர்ஸ் என்று பட்டன் மேல் அச்சடித்திருக்கிறதே தவிர, அது எந்தச் சமிக்ஞையையும் கற்றுக்கொள்ளும். எங்கள் வீட்டில் சோர்ஸை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு SLEEP-ஐக் கற்றுக்கொடுத்தேன்.

எங்கள் ரிமோட்டில் செய்முறை இப்படி. கட்டத்துக்குள் இருக்கும் பவர் பட்டனைச் சுமார் ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு நிலையாக எரியும். பிறகு கற்றுக்கொள்ள வேண்டிய பட்டனை ஒருமுறை தட்டினால் விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். இரண்டு ரிமோட்டின் மூக்கையும் நேருக்கு நேராக, இரண்டு விரற்கடை இடைவெளியில் மேஜைமேல் வைத்து, டிவி ரிமோட்டில் SLEEP-ஐ அழுத்த வேண்டும். விளக்கு வேகமாக மினுக்கி மறுபடி நிலையானால் பதிவாகிவிட்டது. அடுத்த பட்டனுக்கும் இப்படியே. முடிந்ததும் பவரை மறுபடி அழுத்தி வெளியே வரவேண்டும். ரிமோட்டுக்கு ரிமோட் இந்த முறை கொஞ்சம் மாறும், கேபிள்காரரைக் கேட்டால் சொல்வார்.

எனக்கு முதல் மூன்று முறை பதிவாகவில்லை. டிவி ரிமோட்டின் மூக்கை போன் கேமராவில் பார்த்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி கேமராவில் ஊதா நிறத்தில் மினுங்கும். பின்பக்கக் கேமராவில் சில போன்களில் தெரியாது, முன்பக்கக் கேமராவில் பார்க்க வேண்டும். மிகவும் மங்கலாகத் தெரிந்தது. பேட்டரி தீர்ந்துபோய்க் கிடந்திருக்கிறது. புது பேட்டரி போட்டதும் முதல் தடவையிலேயே பதிவானது. மாடித் திண்ணையில் வெயிலில் உட்கார்ந்து செய்ததும் தப்பு, வெயிலிலும் அதே கண்ணுக்குத் தெரியாத ஒளி இருப்பதால் ரிமோட் குழம்பும். அறைக்குள் செய்ய வேண்டும்.

சத்தம் கூட்டும், குறைக்கும் பட்டன்களுக்கும் டிவி ரிமோட்டிலிருந்தே கற்றுக்கொடுத்தேன். பாக்ஸில் ஆட்டோ வசதி இல்லாத வீடுகளுக்கு இது ஒரு மாற்றுவழி: சத்தத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் சமிக்ஞை டிவிக்கே போவதால், டிவியின் நாலு மணி நேர எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். நடுப்படத்தில் அணைகிற தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

சோர்ஸ் பட்டன் மேல் அம்மா ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். படுக்கும்போது பொட்டை ஐந்து தடவை. அப்பாவுக்கு இது பிடித்துவிட்டது. "இது என் கையிலயே இருக்குதே, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று ஓசூர் திரும்பினேன். மறுவாரம் அம்மா போனில் சொன்னார்: ராத்திரி ஒன்றரை மணிக்கு டிவி தானாகவே ஆன் ஆகி, முழுச் சத்தத்தில் கத்தியிருக்கிறது. எழுந்துபோய் ஸ்விட்சை அணைத்திருக்கிறார். கரண்ட் போய் வந்ததா என்று கேட்டேன். ஃபேன் நின்று ஓடியது என்றார்.

ஊருக்குப் போனதும் சோதித்தேன். டிவியை ரிமோட்டில் அணைத்தேன், சிவப்புப் புள்ளி எரிந்தது. சுவர் ஸ்விட்சை அணைத்து, அந்தப் புள்ளி முழுதும் மங்கி அணையும்வரை அரை நிமிடம் காத்திருந்தேன். உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும், அவசரப்பட்டு உடனே போட்டால் டிவிக்குக் கரண்ட் போனதே தெரியாது. ஸ்விட்சைப் போட்டேன். ரிமோட்டைத் தொடாமலே டிவி ஆன் ஆனது. பாக்ஸும் கரண்ட் வந்தால் முழித்துக்கொள்ளும் வகை. இரண்டும் எழுந்தால் நடுராத்திரி வீடு முழுக்கச் சத்தம். பாக்ஸின் இரண்டு மணி நேரக் காவல் வலை அப்போதும் பிடிக்கும்தான், ஆனால் அதற்குள் எல்லோர் தூக்கமும் போய்விடும்.

கரண்ட் வந்ததும் என்ன செய்வது என்பது டிவிக்குள் ஒரு அமைப்பு. பல டிவிகளில் அது சாதாரண மெனுவில் வராது, மெக்கானிக்குகள் திறக்கும் சர்வீஸ் மெனுவில்தான் இருக்கும். அதே மெக்கானிக்கிடம் போனேன். அவர் ரிமோட்டில் ஏதோ எண்களைத் தட்டி அந்த மெனுவைத் திறந்தார். Power On Mode என்ற வரியில் Direct என்று இருந்தது. மற்ற இரண்டு தேர்வுகள் Memory, Secondary. Direct என்றால் கரண்ட் வந்ததும் எரியும். Memory என்றால் கரண்ட் போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே வரும். Secondary என்றால் சிவப்புப் புள்ளியோடு சும்மா நிற்கும். Memory போதும் என்று நினைத்தேன். அவர் யோசித்துச் சொன்னார்: "உங்கப்பா தூங்கி, டிவி ஓடிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போச்சுன்னா? திரும்ப வந்து எரியும், ஸ்லீப்பு அழிஞ்சிருக்கும்." சரிதான். Secondary-இல் வைத்தார்.

இந்த மெனுவை நாமே திறந்து பார்க்கலாம் என்று எண்கள் தேடிப் போக வேண்டாம் என்று சொல்வேன். அதே மெனுவில் திரைப் பலகையின் வகையை மாற்றும் வரியும் இருக்கிறது. தவறி அதைத் தொட்டால் படம் தலைகீழாகவோ நிறம் கெட்டோ வரும், சில சமயம் எதுவுமே தெரியாது. தெரியாத திரையில் மெனுவைத் திருப்பி மாற்றவும் முடியாது. எனக்கு அவர் காசு எதுவும் வாங்கவில்லை, ஐந்து நிமிட வேலை.

கிருஷ்ணகிரியில் அக்கா வீட்டில் கூகுள் டிவி. அங்கே இவ்வளவு அலையத் தேவைப்படவில்லை. Settings, System, Power & Energy, Energy Saver என்று உள்ளே போனால் When inactive, When watching என்று இரண்டு வரி இருக்கிறது. முதலாவது, முகப்புத் திரையில் சும்மா நின்றால். இரண்டாவது, வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது ரிமோட்டைத் தொடாவிட்டால். முதலாவதை மட்டும் குறைத்துவிட்டு, டிவி அணையவில்லையே என்று மாமா கேட்டார். பாட்டு ஒன்று முடிந்து அடுத்தது தானாக ஓடிக்கொண்டே இருந்தால் அது சும்மா நிற்பதாகக் கணக்கில் வராது. இரண்டாவது வரியைத்தான் பார்க்க வேண்டும்.

செலவுக் கணக்கையும் பார்த்தேன். பிளக்கில் மாட்டி அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. பேக்லைட் 60-இல் டிவி 41 வாட், பாக்ஸ் 8 வாட். முன்பு நாலரை வரை ஓடியது, இப்போது பதினொன்றுக்கு நிற்கிறது. ஐந்தரை மணி நேரம் மிச்சம் என்றால் டிவியில் ஒரு இரவுக்கு 225 வாட்-மணி, இரண்டு மாதப் பில்லுக்கு 13 யூனிட்டுக்கு மேல். நான் எதிர்பார்க்காதது பாக்ஸ். அது தூங்கும்போதும் 7 வாட் எடுக்கிறது. ஓடுவதற்கும் தூங்குவதற்கும் ஒரு வாட்தான் வித்தியாசம். 24 மணி நேரமும் அப்படியே கிடந்தால் இரண்டு மாதத்தில் 10 யூனிட். டிவியோ சிவப்புப் புள்ளியில் நிற்கும்போது மீட்டரில் அரை வாட்டைத் தொடவில்லை. இப்போது காலையில் அப்பா மண்டிக்குக் கிளம்பியதும் அம்மா சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுகிறார், சாயந்திரம் போடுகிறார். ஏற்கனவே தூங்கிக்கொண்டிருக்கும் டிவிக்கு அப்படி அணைப்பதால் கெடுதல் இல்லை. ராத்திரிக்கும் சுவரில் மாட்டும் டைமர் ஸ்விட்ச் ஒன்று வாங்கிவிடலாமே என்று தம்பி கேட்டான். அது ஓடிக்கொண்டிருக்கும் டிவியின் மின்சாரத்தைச் சட்டென்று வெட்டும். அக்கா வீட்டு டிவி மாதிரி உள்ளே மென்பொருள் ஓடும் டிவிகளில், ஏதாவது பதிவாகிக்கொண்டிருக்கும்போது வெட்டினால் பிறகு எழுந்திருக்கவே திணறும். எங்கள் டிவிக்கு அது தேவைப்படவும் இல்லை.

சித்திரையில் ஒருமுறை மறுபடி விடிய விடிய ஓடியது. அன்று அப்பா பொட்டை அழுத்த மறந்திருக்கிறார், காவல் வலையும் பிடிக்கவில்லை. பாக்ஸ் மெனுவைத் திறந்தால் Auto Standby மறுபடி Off-இல் இருந்தது. முந்தைய நாள் பாக்ஸில் புது மென்பொருள் இறங்கி, தானாக அணைந்து எழுந்தது என்று அம்மா சொன்னார். அமைப்புகள் எல்லாம் முதல்நிலைக்குப் போயிருக்கின்றன. மறுபடி 2 மணி நேரம் வைத்தேன். அந்த மெனுவுக்குப் போகும் வழியை, எந்தப் பட்டன், எத்தனை தடவை கீழே என்று, காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி டிவி ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிறேன். பாக்ஸ் தானாக எழுந்து ஏதாவது இறக்கினால், அன்று சாயந்திரமே அம்மா அதைப் பார்த்துச் சரிசெய்துவிடுகிறார்.